மஞ்சள் சீட்டில் மூன்று கட்டங்கள்

திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு வந்த மின்னஞ்சலை அவள் ஆறு முறை படித்தாள். ஆறு முறை படித்தும் அதற்குள் ஒரு செய்தியும் அகப்படவில்லை. எதிர்பாராத வணிகச் சூழல் காரணமாக நிறுவனம் முழுவதும் புதிய ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டிருக்கிறதாம். அதனால் அவள் வேலையில் சேரும் தேதி மறு அறிவிப்பு வரை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதாம். அவளுடைய பொறுமையை அவர்கள் பெரிதும் மதிக்கிறார்களாம். கீழே புதுக் கம்பெனியில் ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர் பெயர், அதற்கும் கீழே சிரித்த முகத்தோடு அவனுடைய சின்னப் புகைப்படம்.

பொறுமையை மதிக்கிறார்கள். அது அவளிடம் இருக்கிறதா என்று யாராவது கேட்டார்களா?

அடுத்த திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை இங்கே கடைசி நாள். நடுவில் இருப்பது ஒரு சனியும் ஒரு ஞாயிறும்தான் என்று நேற்று வரை நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது வெள்ளிக்குப் பிறகு என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள், உடனே எடுத்து ஏழாவது முறை படித்தாள்.

அவள் வேலை பார்த்தது மாத்திரை செய்யும் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில், பதினோரு வருடமாக. வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரை அங்கே எல்லோருக்கும் அவள் ‘மஞ்சச் சீட்டக்கா’. உள்ளே வரும் மூட்டையும் பீப்பாயும் சோதனை முடியும்வரை மஞ்சள் சீட்டோடு காத்திருக்க வேண்டும். தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. பச்சையையும் சிவப்பையும் யாரும் கண்டுகொள்வதில்லை. மஞ்சளில்தான் அவள் உயிரை எடுப்பாள். ஏன் நிறுத்தி வைத்திருக்கிறது, யார் முடிவு சொல்ல வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று அதில் மூன்று கட்டங்கள் உண்டு. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவாள். ஸ்டோர் கீப்பர் அவளைக் கண்டாலே பேனாவைத் தேடுவார்.

அப்படிப்பட்டவள் வேலையை ஏன் விட்டாள் என்றால், அவளுடைய வீட்டுக்காரருக்காக. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். இங்கே மாறி மாறி ஷிப்ட். புதுக் கம்பெனியில் பகல் வேலை மட்டும், அதுவும் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போகும் தூரம். அவருடைய சிகிச்சை முழுக்க அவளுடைய கம்பெனி இன்சூரன்சில் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே கடைசி நாளோடு அது முடியும், அங்கே சேரும் நாளில் தொடங்கும். இடையில் வருவது ஒரே ஒரு சனிக்கிழமை என்று கணக்குப் போட்டு, அந்த ஒன்றை எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று துணிந்திருந்தாள்.

நிறுவனத்தின் தேவைக்கேற்ப இந்த நியமனத்தை மாற்றவோ திரும்பப் பெறவோ உரிமை உண்டு என்று புதுக் கம்பெனி கொடுத்த நியமனக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அவள் அதைப் படித்திருந்தாள், படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. எல்லோருக்கும் போடுகிற வரிதானே என்று விட்டுவிட்டாள். ஸ்டோர் கீப்பர் இப்படி ஒரு சாக்குச் சொல்லியிருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

ரெக்ரூட்டரை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன் என்று ஒரு செய்தி வந்தது. அந்தப் பிறகு மாலை மூன்றரைக்கு வந்தது. நேர்முகத் தேர்வின்போது மணிக்கணக்கில் பேசிய பையன், அன்றைக்கு நான்கு நிமிடம் பேசினான். கவலையே வேண்டாம், இது வெறும் ஹோல்டுதான், உங்கள் ஆஃபர் பத்திரமாக இருக்கிறது என்றான். எவ்வளவு நாள் என்று கேட்டாள். மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த காலாண்டில் தெளிவாகிவிடும் என்றான். மேலிடம் என்றால் யார்? அதை அவனால் சொல்ல முடியாதாம். இதையே எழுதி அனுப்புங்கள் என்றாள். கட்டாயமாக என்றான். அன்று முழுக்க ஒன்றும் வரவில்லை. பிடி கொடுக்காமல் பேசுவதற்கு எங்கேயோ பயிற்சி கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

வீட்டில் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தாள். தட்டை வைத்துவிட்டுச் சோறு வைக்காமல் நின்றதைப் பார்த்து அவரே கேட்டுவிட்டார். கைப்பேசியைக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டுக் கைப்பேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“பிரேக் லைட்டும் எரியுது, இண்டிகேட்டரும் எரியுது,” என்றார். “நிக்குதா போகுதான்னு தெரியாத வண்டிக்குப் பின்னாடிதான் எல்லாரும் போய் மோதுறாங்க. நீ முதல்ல உங்க சாரைப் பாரு.”

“அவர் மாட்டேன்னு சொல்லிட்டா?”

அவர் தன் இடது கையில் ஊசி ஏற்றும் இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

செவ்வாய் காலை மேனேஜர் அறைக்குப் போனாள். நல்ல மனிதர்தான். ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்று, போகிற இடத்தில் நன்றாக இருங்கள் என்று வாழ்த்தியவர். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். கொடுத்த ராஜினாமாவை அவளாகத் திரும்பப் பெற முடியாது, கம்பெனி சம்மதிக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“உங்க இடத்துக்கு ஆள் எடுத்தாச்சும்மா. திங்கட்கிழமை வர்றாங்க. நீங்கதான கூட்டிட்டுப் போய் லேப் காட்டினீங்க?”

காட்டினாள். போன வாரம் சான்றிதழ் கொடுக்க வந்திருந்த உயரமான பெண். கைப்பையின் ஜிப் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. லாக்கர், கை கழுவும் இடம், மஞ்சள் சீட்டுக் கட்டு எல்லாம் காட்டினாள். உள்ளே எப்போதும் இப்படித்தான் குளிருமா என்று அந்தப் பெண் கேட்டாள். கோட்டுக்குள் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும்படி இவள் சொன்னாள். அந்தப் பெண் தான் வேலை பார்க்கும் இடத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னபோது, நல்லதாகப் போயிற்று என்று இவள் வாயாலேயே சொன்னாள்.

“ஒரு இடம்தான் இருக்கு,” என்றார் மேனேஜர். “எனக்கு நீங்க இருந்தா நிம்மதி. ஆனா நான் அவங்களை வேண்டாம்னு சொல்லிட்டு, பதினஞ்சு நாள்ல அந்தக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டுச்சுன்னு நீங்க கிளம்பினா, நான் நடுத்தெருவுல நிப்பேன். அந்த வேலை இருக்கா, இல்லையான்னு கேட்டுட்டு வாங்க. நாளைக்குச் சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள. அதுக்கு மேல என் கையில இல்ல.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அநியாயம் என்றால் சண்டையாவது போடலாம்.

திரும்பி வரும் வழியில் ஸ்டோரில் ஒரு பீப்பாயின் மஞ்சள் சீட்டு கண்ணில் பட்டது. தேதிக் கட்டம் காலி. கை பழக்கத்தில் கிழித்துவிட்டது. தேதி யாருக்கக்கா தெரியும், வரும்போது வரும் என்றார் ஸ்டோர் கீப்பர்.

“தேதி இல்லாம நிறுத்தி வச்சா அதுக்குப் பேரு நிறுத்தி வைக்கிறது இல்ல. மறந்து போறது,” என்றாள். சொன்னவள் கிழித்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். ஸ்டோர் கீப்பர் பயந்துபோய், இதோ போட்டுவிடுகிறேன் என்று பேனாவைத் தேடினார்.

அன்று பிற்பகல் ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து ரெக்ரூட்டருக்கு எழுதினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆறு படுக்கை, ஆறு எந்திரம். மூன்றாவதில் அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். எந்திரம் அவ்வப்போது கூவும், நர்ஸ் வந்து ஒரு பொத்தானை அழுத்துவார். ஒவ்வொரு கூவலுக்கும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

முதலில் எழுதியதில் கணவரின் நோய், பதினோரு வருடம், கடவுள் எல்லாம் வந்தார்கள். படித்துப் பார்த்தால் அவளுக்கே கண் கலங்கியது. கேள்வி மட்டும் எங்கேயும் இல்லை. பரிதாபப்பட்டு அவன் என்ன எழுதுவான், உங்கள் பொறுமையை மதிக்கிறோம் என்று இன்னொரு தரம் எழுதுவான். முழுவதையும் அழித்தாள். பிறகு மஞ்சள் சீட்டை நிரப்புவதுபோல எழுதினாள்.

‘உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. நான் முடிவெடுக்கக் கீழ்க்கண்டவை தெரிய வேண்டும். ஒன்று, என் நியமனம் திரும்பப் பெறப்பட்டதா, அல்லது சேரும் தேதி மட்டும் தள்ளிப்போகிறதா? இரண்டு, தள்ளிப்போகிறது என்றால் எந்தத் தேதிக்குள், யார் முடிவு செய்வார்கள்? மூன்று, அந்தப் பணியிடத்துக்கு இன்று அனுமதி இருக்கிறதா, மூடப்பட்டுவிட்டதா? நான் ராஜினாமா செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை என் கடைசி நாள். தற்போதைய வேலையிலேயே நீடிக்க, நாளை மாலைக்குள் நான் சொல்லியாக வேண்டும். நாளை நண்பகலுக்குள் பதில் வராவிட்டால், நியமனம் இல்லை என்று எடுத்துக்கொண்டு அதன்படி நடப்பேன். பின்னால் பணியிடம் திறந்தால் என்னை அழையுங்கள், மகிழ்ச்சியோடு பேசுவேன்.’

கடைசி வரி மனசாரத்தான் எழுதினாள். சண்டை போட்டுக்கொண்டு போக அவளுக்கு வசதி இல்லை. அனுப்பும் முன் இன்னொன்று தோன்றியது. ரெக்ரூட்டர் ஆளைத் தேடிக் கொடுப்பவன்தானே, ஆள் கேட்டவர் வேறு ஒருவர் ஆயிற்றே. நேர்முகத்தில் அவளிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்ட பிரிவுத் தலைவரின் முகவரி பழைய மின்னஞ்சலில் இருந்தது. அவருக்கும் ஒரு நகல் போகும்படி சேர்த்தாள். விரல் பொத்தானுக்கு மேல் நின்றது. இதனால் கோபப்பட்டு இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் கெடுத்துவிட்டால்? உள்ளே எந்திரம் கூவியது. அவள் அனுப்பிவிட்டாள்.

அன்று இரவு அவர் தூங்கினார், அவள் தூங்கவில்லை. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

புதன் காலை பத்தேகாலுக்கு ரெக்ரூட்டர் அழைத்தான். குரல் எங்கோ மாடிப்படியில் நின்று பேசுவதுபோல எதிரொலித்தது. எடுத்த எடுப்பில், அவருக்கு ஏன் மேடம் நகல் போட்டீர்கள், நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றேனே என்றான். நேற்றிலிருந்து அவர் தன்னைக் குடைந்தெடுக்கிறாராம். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனைக் கெஞ்சிவிடுவோமோ என்று பயந்து, எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“தம்பி, நான் நீங்க நல்லவரா கெட்டவரான்னு கேக்கல. உங்க கம்ப்யூட்டர்ல அந்த போஸ்ட் திறந்திருக்கா, மூடியிருக்கா?”

அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்து சாத்தியது. யாரோ பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். அவர்கள் குரல் தேயும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை.

“மூடிட்டாங்க மேடம்,” என்றான். “சனிக்கிழமையே மூடிட்டாங்க.”

“அப்புறம் ஏன் ஹோல்டுன்னு எழுதினீங்க?”

“பதினேழு பேருக்கு அதே மெயில்தான். இல்லைன்னு சொல்லிட்டா எல்லாரும் வேற இடம் பார்த்துருவாங்க, மறுபடி திறந்தா ஆள் கிடைக்க மாட்டாங்கன்னு, அப்படி எழுதச் சொன்னாங்க. நான் எழுதல மேடம். அனுப்பினது மட்டும்தான் நான்.” கொஞ்சம் இடைவெளி விட்டு, “ஆளே எடுக்காத கம்பெனியில ஆள் எடுக்கிறவன் எதுக்குன்னு எனக்கே தெரியல,” என்றான்.

அவன் மேல் பொங்கி வந்த கோபம் பாதியில் எங்கோ போய்விட்டது. பதினேழு பேர். அதில் எத்தனை பேர் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்களோ. எத்தனை பேர் பொறுமையாக இருக்கிறார்களோ.

இதை எழுதிக் கொடுங்கள் என்றாள். திரும்பப் பெறப்பட்டது என்ற சொல்லை எழுத முடியாது, சட்டப் பிரிவு விடாது என்றான். அந்தச் சொல் வேண்டாம், நீங்கள் இப்போது சொன்னதை மட்டும் எழுதுங்கள் என்று அவளே வாசகத்தைச் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான். பதினொன்றே முக்காலுக்கு மின்னஞ்சல் வந்தது. அந்தப் பணியிடத்துக்கு இப்போது அனுமதி இல்லை. சேரும் தேதி எதுவும் முடிவாகவில்லை. தற்போதைய வேலையில் நீடிக்க உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. மூன்றே வரி. இந்த முறை சிரித்த புகைப்படம் இல்லை.

மேனேஜர் அதைப் படித்துவிட்டுத் தலையசைத்தார். அவளுடைய ராஜினாமாவைத் திரும்பப் பெறும் கடிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். இன்சூரன்ஸ் ஒரு நாள்கூட விடுபடாது. சனிக்கிழமை எப்போதும் போல மூன்றாவது படுக்கை. அவளுக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு போனில் பணியாளர் பிரிவிலிருக்கும் சின்ன ஹெச்.ஆரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வர இருந்தவருக்குத் தகவல் அனுப்பச் சொன்னார்.

அழுகை அப்படியே நின்றது. இரண்டு நாளாக இது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

“வேற எங்கயாவது ஒரு இடம் இருக்காதா சார்?”

“ஒரு இடம்தான்னு நேத்தே சொன்னேனேம்மா.”

இல்லை சார், அவர்களே வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு ஒரு நொடி இருந்தது, அந்த நொடி நீளமாகத்தான் இருந்தது. அவளுக்கு வீட்டுக்காரரின் இடது கை ஞாபகம் வந்தது. அவள் சொல்லவில்லை.

சின்ன ஹெச்.ஆர் அறைக்கு அவள் தானாகத்தான் போனாள், யாரும் அனுப்பவில்லை. வேலைக்கு வந்து ஆறு மாதமே ஆன பெண் அது. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு கடிதம் திறந்திருந்தது, இந்த மாதிரி சமயத்துக்கென்று வைத்திருக்கும் கடிதம். எதிர்பாராத காரணங்களால் தங்கள் சேரும் தேதி மறு அறிவிப்பு வரை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. தங்கள் பொறுமையை மதிக்கிறோம். கம்பெனிதான் வேறு, கடிதம் ஒன்றேதான்.

“அதை அழிம்மா,” என்றாள்.

“ஏன்க்கா? இதுதான் கொஞ்சம் மென்மையா இருக்கும்.”

“இல்லைங்கிறதை இல்லைன்னு எழுது. எதனாலன்னு எழுது. பழைய ஆளே நீடிக்கிறாங்கன்னு எழுது. வர இருந்தவங்க இன்னும் அவங்க பழைய வேலையை விட்டிருக்க மாட்டாங்க, இன்னிக்கே தெரிஞ்சா போய்க் கேக்கலாம். ஒரு நாள் தள்ளினா அதுவும் போச்சு.”

சின்ன ஹெச்.ஆர் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அழித்துவிட்டு எழுதினாள். இவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தாள். காரணம் இருந்தது, முடிவெடுத்தவர் பெயர் இருந்தது, தேதி இருந்தது. ஒரு கட்டமும் காலி இல்லை. அவள் வாழ்க்கையில் இவ்வளவு சரியாக நிரப்பிய சீட்டு வேறு கிடையாது.

அனுப்பி நான்கு நிமிடம் ஆகியிருக்கும், மேஜை மேல் போன் அடித்தது. சின்ன ஹெச்.ஆர் எண்ணைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். மீட்டிங்கில் இருப்பதாக ஒரு செய்தி போட்டுவிடட்டுமா என்று கேட்டாள்.

“எடு.”

“எனக்குப் பயமா இருக்குக்கா. என்ன சொல்றதுன்னு தெரியல.”

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை காலையிலிருந்து இருந்த அத்தனை பயத்தையும் கூட்டினால்கூட இந்த அளவு வராது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கையை நீட்டி எடுத்தாள்.

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பின்னால் வண்டிகளின் ஹாரன், எங்கோ ரோட்டோரத்தில் நின்று பேசுகிறாள் போலிருக்கிறது. உயரமான அந்தப் பெண்ணின் குரல், ஸ்வெட்டர் வாங்கியிருப்பாளோ என்னவோ.

“மேடம், ஒரு மெயில் வந்திருக்கு,” என்றது குரல். “ஒரே ஒரு விஷயம் தெளிவாக் கேட்டுக்கலாமா? உங்க பழைய ஆள் போறதா சொன்னாங்களே. எனக்கு லேப் எல்லாம் காட்டினாங்களே, அந்த அக்கா. அவங்க கிட்ட கொஞ்சம் பேச முடியுமா? அவங்க சொன்னா உங்க சார் கேப்பாரு.”

“நான்தான் பேசுறேன்,” என்றாள் அவள்.